எத்தனை தவணை குறையும்?

வீட்டுக் கடனை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். வங்கிக்காரர்கள் இதை பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். "உங்கள் கடனை எங்களிடம் மாற்றுங்கள், ஒரு சதவீதம் வட்டி குறையும்" என்று தொலைபேசியில் அழைப்பு வருகிறது. அந்த ஒரு சதவீதம் லாபமா, நட்டமா? இதற்குப் பொதுவான பதில் இல்லை. ஒரே ஒரு சதவீதம்தான். ஒருவருக்கு அது ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது, இன்னொருவருக்குக் கைப்பொருளைக் கரைக்கிறது, வேறொருவருக்கு அலைச்சலைத் தவிர எதையும் தருவதில்லை. இந்த மூவரில் நாம் யார் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். செலவு செய்யப்போகும் பணத்தால் எத்தனை தவணை குறையும்? வட்டி எவ்வளவு குறையும் என்று கேட்காதீர்கள், மாதத் தொகை எவ்வளவு குறையும் என்றும் கேட்காதீர்கள். எத்தனை தவணை குறையும் என்று கேளுங்கள். ஏன் அப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டாக ஒழுங்காகக் கட்டி வருபவர் கூடுதல் வட்டி கட்டுகிறார். நேற்று வந்தவருக்குக் குறைந்த வட்டி கிடைக்கிறது. ஏன் இப்படி? மாறும் வட்டிக் கடனில் வட்டி இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று அடிப்படை வட்டி, இன்னொன்று அதன்மேல் நிறுவனம் வைக்கும் கூடுதல் விகிதம். புது வாடிக்கையாளரை இழுக்க வேண்டும் என்றால் நிறுவனம் அந்தக் கூடுதல் விகிதத்தைக் குறைக்கிறது. பழையவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியது எழுதியபடியே நிற்கிறது. அடிப்படை வட்டியிலும் வேறுபாடு உண்டு. 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது. அதற்கு முன் வாங்கிய வங்கிக் கடன்களில் சில இன்னும் பழைய முறையிலேயே ஓடுகின்றன. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கோ இந்த விதியே இல்லை. அவை தங்கள் அடிப்படை வட்டியைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. 2025இல் ரெப்போ விகிதம் நான்கு முறை குறைந்து 6.50இலிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்தது. ரெப்போவோடு இணைந்த கடனை வைத்திருந்தவருக்கு அந்தக் குறைப்பு கேட்காமலே வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு அது அதே அளவில், அதே வேகத்தில் வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே, வட்டி கூடுதலாக இருப்பது நீங்கள் செய்த குற்றமல்ல. நீங்கள் நுழைந்த காலமும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அதற்குக் காரணம்.

வெளியேறக் கதவு திறந்திருக்கிறதா? திறந்தே இருக்கிறது. தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் அத்தகைய விதி உண்டு. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அபராதம் இல்லை என்றதும் மாற்றுவதற்குச் செலவே இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பழைய இடத்தை விட்டு வெளியேறத்தான் செலவில்லை. புதிய இடத்தில் நுழையச் செலவு உண்டு. அந்தச் செலவில் பெரிய பங்கு புதிய வங்கிக்குக்கூடப் போவதில்லை. எங்கே போகிறது? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தொலைபேசியில் அழைப்பவர் இதைச் சொல்வதே இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும்போது உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு ஒப்பந்தம் ஒன்றை எழுதிப் பதிவு செய்கிறோம். வங்கியில் இதை எம்.ஓ.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5 சதவீதம், உச்சவரம்பு 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 6,000 ரூபாய். கடன் வாங்கிய அன்று இதைக் கட்டியிருப்பீர்கள். அது பழைய நிறுவனத்தின் பெயரில் எழுதிய ஒப்பந்தம். புதிய நிறுவனத்துக்குச் செல்லாது. கடனை மாற்றினால் பழையதை ரத்து செய்து ரசீது ஆவணம் பதிய வேண்டும், புதியவர் பெயரில் மறுபடி எம்.ஓ.டி. எழுதிப் பதிய வேண்டும், அதற்கான தீர்வையை மறுபடி கட்ட வேண்டும். 30 லட்சம் ரூபாய்க் கடன் என்றால் தீர்வை 15,000, பதிவுக் கட்டணம் 6,000, ஆக 21,000 ரூபாய். "புராசசிங் கட்டணமே இல்லை" என்று விளம்பரம் வந்தாலும் இந்த 21,000 அசையாது. புராசசிங் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக 10,000 என்று வைத்துக்கொள்வோம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,800 ஆகும். வழக்கறிஞர் கருத்துரைக்கும் சொத்து மதிப்பீட்டுக்கும் 6,000. பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்வது, ஆவண எழுத்தர் கூலி, இதர சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் 41,800 ரூபாய். உங்கள் ஊரில், உங்கள் வங்கியில் இந்தத் தொகை கூடலாம், குறையலாம். ஆனால் இப்படித் தலைப்பு வாரியாக எழுதி, அடியில் கூட்டிப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு 30 லட்சம் அசல் மீதி இருக்கிறது. இன்னும் 15 ஆண்டு, அதாவது 180 தவணை பாக்கி. வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 30,428 ரூபாய். புதிய வங்கி 8 சதவீதம் தருகிறது. அதே 15 ஆண்டுக்குத் தவணை 28,670 ரூபாய் ஆகும். மாதம் 1,758 ரூபாய் மிச்சம். 41,800ஐ 1,758ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24. இரண்டு ஆண்டில் செலவு திரும்பி வந்துவிடும், அதன் பிறகு வருவதெல்லாம் லாபம் என்று சொல்வார்கள். இந்தக் கணக்கில் பிழை இல்லை, ஆனால் இது பாதிக் கணக்கு. முதல் மாதத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். 9 சதவீதத்தில் அந்த மாத வட்டி 22,500 ரூபாய், 8 சதவீதத்தில் 20,000 ரூபாய். ஆக, மிச்சமான வட்டி 1,758 அல்ல, 2,500. மீதி 742 ரூபாய் எங்கே போயிற்று? அசலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தவணைத் தொகை குறைந்ததோடு அசலும் முன்பைவிட வேகமாகக் கரைகிறது. மாதத் தவணையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. தனக்கு வரும் நன்மை கண்ணில் படாமல் போகிறது என்றால் தொலையட்டும் என்று விடலாம். ஆனால் அதே பார்வை நட்டத்தையும் கண்ணில் படாமல் மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

எப்படி மறைக்கும்? புதிய வங்கி அந்தக் குடும்பத்திடம் 8 சதவீத வட்டியைக் காட்டிவிட்டு, "15 ஆண்டு எதற்கு? 20 ஆண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், தவணை 25,093தான் வரும்" என்கிறது. 30,428 எங்கே, 25,093 எங்கே! மாதம் 5,335 ரூபாய் குறைகிறது. யாருக்குத்தான் ஆசை வராது? இப்போது பெருக்கிப் பார்ப்போம். பழைய கடனை அப்படியே விட்டிருந்தால் 180 தவணைக்கு மொத்தம் 54 லட்சத்து 77 ஆயிரம் கட்டியிருப்பார்கள். புதிய ஏற்பாட்டில் 240 தவணைக்கு 60 லட்சத்து 22 ஆயிரம் கட்டுவார்கள். வட்டி விகிதம் ஒரு சதவீதம் குறைந்தது. கட்டும் பணம் 5 லட்சத்து 45 ஆயிரம் கூடியது. இதைச் செய்துகொள்ள 41,800 ரூபாய் செலவும் செய்தார்கள். விகிதம் குறைந்தது உண்மை, தவணை குறைந்தது உண்மை, இரண்டையும் வங்கி மறைக்கவில்லை. வங்கி சொல்லாமல் விட்டது, கூடிய 60 தவணையால் மொத்தம் எவ்வளவு ஏறும் என்பதை மட்டும்தான். அதனால்தான் எத்தனை தவணை என்று கேட்கச் சொல்கிறேன்.

அந்தக் கேள்வியை இப்போது இதே குடும்பத்துக்குப் போடுவோம். அவர்களால் மாதம் 30,428 கட்ட முடிகிறது, பல ஆண்டாகக் கட்டியும் வருகிறார்கள். கடனை 8 சதவீதத்துக்கு மாற்றி, தவணையைக் குறைக்காமல் அதே 30,428ஐத் தொடர்ந்து கட்டினால் என்ன ஆகும்? 180 தவணை 161 ஆகிவிடும். 19 தவணை குறைகிறது. பணமாகச் சொன்னால் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம். தவணையைக் குறைத்துக்கொண்டால் 15 ஆண்டில் மொத்தம் 3 லட்சத்து 16 ஆயிரம்தான் மிச்சமாகும். அதே வங்கி, அதே வட்டி, அதே செலவு. தவணையில் கை வைக்காமல் விட்டதற்கு மட்டும் இவ்வளவு வேறுபாடு. இதை நீங்களே சரிபார்க்கலாம். கணினியிலோ கைப்பேசியிலோ எக்ஸெல் திறந்து =NPER(8%/12,-30428,3000000) என்று தட்டினால் 161.17 என்று விடை வரும். வட்டியையும் தவணையையும் அசலையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வங்கி ஊழியரிடம் கேட்க வேண்டியதே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பும்கூட. "41,800 ரூபாய் கையில் இருக்கிறதே, அதைக் கட்டணமாகக் கொடுப்பதற்குப் பதில் பழைய கடனிலேயே அசலில் கட்டிவிட்டால்?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். செலவை எதோடு ஒப்பிடுவது என்பதற்குச் சரியான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 9 சதவீதக் கடனில் 41,800 ரூபாயை அசலில் கட்டிவிட்டுப் பழையபடி தவணை கட்டி வந்தால் 5 தவணை குறையும். மாற்றினால் 19 குறையும். 5 எங்கே, 19 எங்கே? இந்தக் குடும்பம் மாற்றுவது சரி. இப்போது இன்னொரு குடும்பத்தைப் பார்ப்போம். அதே 9 சதவீதம், அதே 8 சதவீதம். ஆனால் பாக்கி அசல் 10 லட்சம்தான், இன்னும் 60 தவணைதான். தவணை 20,758 ரூபாய். இவர்களுக்கு எம்.ஓ.டி. செலவு குறைவு: தீர்வை 5,000, பதிவுக் கட்டணம் 6,000. ஆனால் புராசசிங்கும் வழக்கறிஞர் கட்டணமும் கடன் சிறியது என்பதற்காக அதே அளவில் சுருங்குவதில்லை. மொத்தம் 31,800 ரூபாய் வருகிறது. மாற்றிவிட்டு அதே தவணையைக் கட்டினால் 1.7 தவணை குறையும். மாற்றாமல் அந்த 31,800ஐ அசலில் கட்டினால் 2.4 தவணை குறையும். ஒரு சதவீத வட்டிக் குறைப்பை, அசலில் கட்டிய வெறும் 31,800 ரூபாய் வென்றுவிடுகிறது! ஏன் வெல்கிறது? பாக்கி அசல் சிறியது, பாக்கிக் காலமும் சிறியது. வட்டிக் குறைப்பு வேலை செய்ய இடமே இல்லை. கடனின் முதல் பாதியில் இருப்பவருக்கு ஒரு சதவீதம் பெரிது. கடைசி சில ஆண்டுகளில் இருப்பவருக்கு அது மிகச் சிறிது. "ஒரு சதவீதம் குறைந்தால் மாற்றலாம்", "அரை சதவீதம் குறைந்தால் மாற்றலாம்" என்று சொல்லிவரும் பொது விதிகளை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். பாக்கி அசலையும் பாக்கித் தவணையையும் கேட்காத விதி விதியே அல்ல.

இப்போது முதல் குடும்பத்திடம் திரும்பி வருவோம். அவர்கள் மாற்றுவது சரி என்றேன். அந்த முடிவை இன்னொரு சோதனைக்கும் உட்படுத்த வேண்டும். இதுவரை நாம் 8 சதவீதத்தை எதோடு ஒப்பிட்டோம்? இன்று கட்டும் 9 சதவீதத்தோடு. அது சரியான ஒப்பீடா? அவர்கள் தங்கள் பழைய நிறுவனத்திடம் போய் வட்டியைக் குறையுங்கள் என்று கேட்டுவிட்டார்களா? பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பல நிறுவனங்களில் இதற்கென்று ஏற்பாடே இருக்கிறது. ஒரு மாற்றுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு நடப்பிலுள்ள குறைந்த விகிதத்துக்குக் கடனை நகர்த்துவார்கள். புதிய பத்திரம் இல்லை, புதிய எம்.ஓ.டி. இல்லை, வழக்கறிஞர் இல்லை. ஒரு விண்ணப்பமும் ஒரு கையெழுத்தும்தான். பழைய நிறுவனம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 8.25 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய வங்கியின் 8 சதவீதத்தைவிட இது கால் சதவீதம் கூடுதல். "கூடுதல்தானே, அப்படியென்றால் மாற்றுவதே மேல்" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். மாற்ற ஆகும் 41,800இல் 6,000ஐக் கொடுத்து 8.25க்கு வந்தாயிற்று, மீதி 35,800 கையில் இருக்கிறது. அதை அசலில் கட்டுகிறார்கள். அதே 30,428 தவணையைத் தொடர்கிறார்கள். எத்தனை தவணை குறையும்? 18.3. மாற்றியிருந்தால் 18.8. வேறுபாடு அரைத் தவணை! இந்த அரைத் தவணைக்காகப் புதிய வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் பழைய நிறுவனத்துக்கும் அலைய வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். அந்த 35,800 கையில் இல்லை, கட்டணத்தையே கடனில் சேர்த்துக்கொள்ளத்தான் இருந்தோம் என்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. கடனில் சேர்ந்தால் அசல் ஏறுகிறது, அசல் ஏறினால் தவணைகளின் எண்ணிக்கையும் ஏறுகிறது.

ஆகவே நண்பர்களே, மாற்றும் கடனை ஒப்பிட வேண்டியது இன்று கட்டும் வட்டியோடு அல்ல, உங்கள் பழைய நிறுவனம் இறங்கி வரக்கூடிய வட்டியோடு. "நாங்கள் கேட்டோம், குறைக்க மறுத்துவிட்டார்கள்" என்று சிலர் சொல்லலாம். எப்படிக் கேட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கிளையில் வாய்வழியாகக் கேட்டால் வாய்வழியாகவே பதில் வரும். புதிய வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அதன் நகலை இணைத்து, எழுத்தில் கேளுங்கள். கடனை முடிப்பதற்கான கணக்கு விவரத்தையும், தங்களிடம் உள்ள மூல ஆவணங்களின் பட்டியலையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்பவர் வெளியேறத் தயாராக இருக்கிறார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் பேசத் தொடங்குகிறது. அப்போதும் இறங்கி வரவில்லையா? வேறுபாடு முக்கால் சதவீதமோ ஒரு சதவீதமோ அப்படியே நிற்கிறதா? கடன் பெரியதா, காலம் நீண்டதா? அப்படியானால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரு சதவீத வேறுபாடு என்றால், தயங்கும் ஒவ்வொரு மாதமும் அந்த முதல் குடும்பத்துக்கு வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,500 ரூபாய் நட்டம்.

இன்னொரு மறுப்பு உண்டு. "இன்று 8 சதவீதம் என்பார்கள், நாளை ஏற்றிவிட மாட்டார்களா?" ஏற்றலாம். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50க்கு ஏறியது, மாறும் வட்டிக் கடன் வாங்கியவர்கள் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். மறுபடி ஏறினால் புதிய கடனும் ஏறும், பழைய கடனும் ஏறும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இடைவெளி அப்படியே இருக்கிறது, மாற்றியதன் பலன் குறைவதில்லை. ஆகவே நீங்கள் பயந்து பார்க்க வேண்டியது அடிப்படை வட்டியை அல்ல, அதன்மேல் வைக்கும் கூடுதல் விகிதத்தை. வங்கியின் வெளி அளவுகோல் கடனில், உங்கள் கடன் தகுதி பெரிதும் மாறினாலன்றி இடர்ப் பகுதியை உயர்த்த முடியாது. கூடுதல் விகிதத்தின் மற்றப் பகுதிகளை உயர்த்துவதற்கும் மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் எந்த அளவுகோல், கூடுதல் விகிதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "8 சதவீதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நிதி நிறுவனத்தின் சொந்த அடிப்படை வட்டிக்கு மாறுகிறவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. அங்கே முதல் ஆண்டு கவர்ச்சியான விகிதத்தைத் தந்துவிட்டு, பிறகு இடைவெளி மெல்ல மெல்ல மறைந்துபோக வழியிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது. "எங்களுக்குத் தவணை குறைய வேண்டும் ஐயா, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை." இதை நான் தள்ளவில்லை. மூச்சு முட்டும் குடும்பம் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பாக்கி இருக்கும் அதே 180 மாதத்துக்குள் குறைத்துக்கொள்ளுங்கள். 28,670க்கு வாருங்கள், 25,093க்குப் போகாதீர்கள். காலத்தை நீட்டித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் அதற்காக வங்கி மாறவே தேவையில்லை, இருக்கும் நிறுவனத்திடமே கேட்கலாம். டாப்-அப் என்று மாற்றத்தோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கடனை மாற்றுங்கள், கையில் 5 லட்சம் தருகிறோம்" என்பார்கள். அதே 8 சதவீதத்தில், 15 ஆண்டுக்கு அந்த 5 லட்சத்துக்கு மாதம் 4,778 ரூபாய்; மொத்தம் 8 லட்சத்து 60 ஆயிரம். வட்டிக் குறைப்பால் வந்த மாதாந்திர மிச்சம் 1,758. மிச்சம் இங்கே, புதிய சுமை அங்கே. அந்த 5 லட்சம் உண்மையிலேயே தேவையென்றால் வாங்குங்கள். ஆனால் அதை வட்டிக் குறைப்பின் பலனாக எண்ணி வாங்காதீர்கள். ஒப்புதலோடு காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனில் ஏற்றிவைப்பதும் நடக்கிறது. 15 ஆண்டு வட்டியோடு கட்டும் பிரீமியம் அது. காப்பீடு வேண்டுமென்றால் தனியே வாங்குங்கள்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் நடைமுறை இப்படிப் போகும். பழைய நிறுவனம் கடன் முடிப்புக் கணக்கையும் ஆவணப் பட்டியலையும் தரும். புதிய வங்கி அதை வைத்துச் சட்டக் கருத்துரையும் மதிப்பீடும் பெற்று, கடன் தொகையை உங்கள் கையில் தராமல் பழைய நிறுவனத்தின் பெயரிலேயே அனுப்பும். தொகை போய்ச் சேரும் தேதியைக் கணக்கில் வையுங்கள். முடிப்புக் கணக்கில் ஒரு தேதி வரைதான் வட்டி போட்டிருப்பார்கள். பணம் பிந்திச் சேர்ந்தால் சில நாள் வட்டி பாக்கி நின்று, கணக்கு மூடாமல் கிடக்கும். நீங்களோ முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், பாக்கியோ கடன் தரவு நிறுவனத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும். பணம் சேர்ந்த மறுநாளே "பாக்கி எதுவும் இல்லை" என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய தவணைக்கான தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் இரண்டு தவணை போகும்.

அடுத்து ஆவணங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் நிறுவனத்தின் பக்கத்தில் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் அங்கேயே எழுதி வாங்குங்கள். ஆவணங்கள் புதிய வங்கியின் பெட்டகத்துக்குள் போய்விட்டால் தொலைந்த தாளுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடைசியாக, பதிவு. பழைய நிறுவனத்தின் பெயரில் உள்ள எம்.ஓ.டி.க்கு ரசீது ஆவணம் பதிந்தாயிற்றா என்று பாருங்கள். பணம் கட்டியாயிற்று, பத்திரம் வந்தாயிற்று, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். பல ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போது வில்லங்கச் சான்றில் இரண்டு எம்.ஓ.டி. நிற்கும், வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் கேள்வி கேட்பார், கிரயம் நின்றுபோகும், அதற்குள் அந்தப் பழைய நிறுவனம் வேறொன்றோடு இணைந்து கிளையே இல்லாமல் போயிருக்கவும் கூடும். ஆகவே மாற்றம் முடிந்து சில வாரத்தில் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுங்கள். பழைய எம்.ஓ.டி., அதற்கான ரசீது, புதிய எம்.ஓ.டி. என்று மூன்று பதிவுகளும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் மாற்றம் முடிந்தது. இரண்டுதான் இருந்தால் மறுநாளே பழைய நிறுவனத்தின் கிளைக்குப் புறப்படுங்கள்.